சுகமா? சுகந்தான்: ஒரு சுவாஹிலி முகமனும் அதன் தமிழும்

கிழக்காபிரிக்கக் கரையில் ஒருவர் இன்னொருவரைக் கண்டால் முதலில் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் ஏற்கெனவே உண்டு. பதில் சொல்கிறவர் அதை யோசித்துச் சொல்வதில்லை. கேள்வி முடிய முன்னமே அது வாயில் வந்துவிடும். 'ஹுஜம்போ?' என்றால் 'சிஜம்போ.' 'ஹபாரி?' என்றால் 'ந்ஸுரி.' 'ஷிகமோ' என்றால் 'மரஹபா.' வாசலில் நின்று 'ஹோதி!' என்று கூப்பிட்டால் உள்ளே இருந்து 'கரிபு!' இவற்றில் எதுவும் தகவல் கேட்பதற்காகக் கேட்கப்படுவதில்லை. ஆனால் எதுவும் வெறும் சத்தமும் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிற ஒன்றை எப்படித் தமிழில் எழுதுவது என்பதுதான் இங்கே என்னுடைய கேள்வி.

கேள்வி என் கைக்கு வந்தது ஒரு கொப்பி வடிவில். நம் கல் வியாபாரிகள் மாணிக்கம் வாங்குவதற்காகத் தன்சானியாவுக்கும் மடகஸ்காருக்கும் போய்வருவது நீங்கள் அறிந்ததுதான். அப்படிப் பல வருடம் போய்வந்த ஒருவர், புதிதாகப் போகிற இளைஞர்களுக்காக அன்றாடச் சுவாஹிலி வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழ்ப் பொருளும் போட்டு, போட்டோக் கொப்பி எடுக்க முன் "தமிழை மட்டும் ஒருக்காப் பாருங்க சேர்" என்று தந்தார். இலக்கணப் பிழைகள் அதிகமில்லை. விலை பேசுகிற பகுதி, எண்கள், பயணப் பகுதி எல்லாம் திருப்தியாக இருந்தன. முகமன் பகுதி மட்டும் உயிரில்லாமல் கிடந்தது. கல்லைப் பற்றி முதல் வார்த்தை கதைக்க முன் இந்த ஐந்தாறு கேள்வி பதில்களும் முடிய வேணும், அதைத் தாண்டி நேரே விலைக்குப் போகிறவனோடு அங்கே ஒருவரும் மனம் திறந்து கதைக்கமாட்டார்கள் என்று அவரே சொன்னார். அப்படியானால் இந்தப் பக்கம்தான் கொப்பியில் முக்கியமான பக்கம்.

ஒரு சின்ன உரையாடலை எடுத்துக்கொள்வோம். பயணத்திலிருந்து வந்த ஒரு இளைஞன் தெரிந்த ஒரு மூதாட்டியின் வாசலில் நிற்கிறான். நான் உச்சரிப்பை நம் எழுத்தில் தருகிறேன். தமிழில் சொல்லுக்கு நடுவில் வருகிற பகரம் தானாகவே மெலிந்து ஒலிப்பதால் 'கரிபு', 'ஹபாரி' போன்ற சொற்களை நாம் எழுதியபடியே வாசித்தாலும் பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

ஹோதி!
கரிபு!
ஷிகமோ, பிபி.
மரஹபா. ஹுஜம்போ?
சிஜம்போ.
ஹபாரி ஸா ஸஃபாரி?
ந்ஸுரி.
ஹபாரி ஸா ந்யும்பானி?
ஸலாமா.
வத்தோத்தோ ஹவஜம்போ?
ஹவஜம்போ, லகினி ம்தோகோ அனா ஹோமா.
போலே. போலே ந ஸஃபாரி.
அஸந்தே, நிமேஷபோஆ.

வாய்விட்டு ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். பொருள் தெரியாவிட்டாலும், ஒருவர் தட்ட மற்றவர் திருப்பித் தட்டுகிற பந்து மாதிரி இது போவது கேட்கும். கொப்பியில் இதன் நடுப்பகுதிக்கு இருந்த தமிழ் இது:

'உமக்கு ஏதும் விடயம் இல்லையா? எனக்கு விடயம் இல்லை. பயணத்தின் செய்திகள் யாவை? நல்லவை. வீட்டின் செய்திகள் யாவை? பாதுகாப்பானவை.'

சொல்லுக்குச் சொல் பார்த்தால் இதில் பிழை பிடிக்க முடியாது. 'ஜம்போ' என்றால் விடயம், காரியம் என்றுதான் பொருள். 'ஹு' என்ற முன்னொட்டு 'உனக்கு இல்லை' என்பதையும் 'சி' என்பது 'எனக்கு இல்லை' என்பதையும் காட்டும். 'ஹபாரி' நமக்குத் தெரிந்த அரபுச் சொல்லான கபர், செய்தி. ஆனால் இந்தத் தமிழைக் கேட்டால் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எடுப்பது போல இருக்கிறது. இதைத் திருத்தப் போகிற எவரும் முதலில் என்ன செய்வார்? 'எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் பயணம் எப்படி இருந்தது? நன்றாக இருந்தது' என்று ஆக்குவார். இது இலக்கணத் தமிழ், ஆனால் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முதலாம் பாடத்தில் மட்டும் வாழுகிற தமிழ். நம்மில் யாரும் யாரிடமும் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சொல்வதில்லை. முதலாவது வரைவு சுவாஹிலிக்கு விசுவாசமாக இருந்து தமிழைக் கொன்றது. இரண்டாவது இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒரு மொழிக்குப் போகிறது.

சரி, சுவாஹிலியில் அந்தத் தட்டு எப்படி உண்டாகிறது? 'ஹுஜம்போ', 'சிஜம்போ' இரண்டிலும் மூன்று அசைவுகள். மாறுவது முதல் எழுத்து மட்டும். சுவாஹிலியில் 'யார்' என்பதைச் சொல்லின் தலையில் வைப்பார்கள். நாம் சொல்லின் வாலில் வைப்போம். 'வருகிறேன், வருகிறாய்' என்று நமக்கு வால் மாறும். அவர்களுக்குத் தலை மாறும். அதனால் கேள்வியும் பதிலும் அவர்களுக்கு வாலில் ஒத்துப்போகின்றன. நம் யாப்பில் சொன்னால் அது இயைபு. தமிழில் அதே உறவைக் கொண்டுவர நினைத்தால் இயற்கையாக வருவது தலை ஒத்துப்போவது, அதாவது மோனையும் எதுகையும். ஆகவே சுவாஹிலியின் இயைபைத் தேடி அலைவதில் பயனில்லை. அவர்கள் வாலால் செய்வதை நாம் தலையால் செய்துகொண்டால் போதும். 'சுகமா?' என்ற நம் கேள்விக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது.

'சுகமா?' 'சுகம்.' இதில் மோனையும் எதுகையும் உண்டு. ஆனால் பதில் கொஞ்சம் குட்டையாகப் போய், பந்து வலைக்கு முன்னால் விழுந்த மாதிரி இருக்கிறது. 'சுகந்தான்' என்று பாருங்கள். 'சுகமா' என்பது நிரையும் நேரும், புளிமா. 'சுகந்தான்' என்பதும் நிரையும் நேரும், புளிமா. வேடிக்கை என்னவென்றால், நம் எழுத்தில் எழுதி அலகிட்டால் 'ஹுஜம்போ'வும் புளிமா, 'சிஜம்போ'வும் புளிமா. சுவாஹிலியின் ஓசை ஒழுங்கு அசையால் அல்ல, சொல்லின் கடைசிக்கு முந்திய இடத்தில் விழுகிற அழுத்தத்தால் ஆனது. ஆகவே இந்தப் பொருத்தத்தை ஒரு விதி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான்கு சொல்லும் ஒரே எடையில் நிற்கும்போது நாவுக்கு அது தெரிகிறது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நடந்துவரச் சொல்லி, நிற்காமல் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவதற்குள் சொல்லி முடிக்கச் சொன்னேன். 'நான் நன்றாக இருக்கிறேன்' என்ற பிள்ளை நின்றுவிட்டது. 'சுகந்தான்' என்ற பிள்ளை போய்க்கொண்டே சொன்னது. முகமன் ஒன்றின் பெயர்ப்பைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

'சுகமா?' என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. சுவாஹிலியில் நீ, நீங்கள் என்று மரியாதைக்காகப் பிரிப்பதில்லை. ஒருவர் என்றால் ஒரு வடிவம், பலர் என்றால் இன்னொரு வடிவம், அவ்வளவுதான். மரியாதையை வேறு சொற்கள் சுமக்கும். தமிழில் 'எப்படி இருக்கிறாய்' என்றோ 'இருக்கிறீர்கள்' என்றோ வாயைத் திறந்தவுடனேயே ஒரு முடிவு எடுத்தாக வேணும். 'சுகமா?' என்றால் அந்த முடிவு தேவையில்லை. வேண்டிய மரியாதையையோ வாரப்பாட்டையோ பின்னால் ஒட்டுகிற 'மகன்', 'உம்மும்மா' என்ற சொற்கள் பார்த்துக்கொள்ளும். 'பிபி' என்பதைச் சிலர் நம் பெண்பிள்ளைகளின் பெயரான பீபி என்று எடுத்து அப்படியே விட்டுவிடலாம். அங்கே அது பாட்டியையும் மதிப்புக்குரிய பெண்ணையும் கூப்பிடுகிற சொல். நான் 'உம்மும்மா' என்று போடுகிறேன். கிழக்கு மாகாண வாசகர்கள் 'மூத்தம்மா' என்று வாசித்துக்கொள்ளட்டும்.

இனி 'ஹபாரி.' இதற்கு நம்மிடம் சொல்லுக்குச் சொல் சரியான ஒரு வழக்கு உண்டு: 'என்ன புதினம்?' அர்த்தமும் அதேதான். அதனால்தான் அது ஆபத்தானது. 'என்ன புதினம்?' என்று கேட்டால் நம் வாயில் தானாக வருகிற பதில் 'ஒண்டுமில்ல.' 'ஹபாரி?'க்கு 'ஒன்றுமில்லை' என்று அங்கே சொல்வதில்லை. நல்லது என்றுதான் சொல்ல வேணும். 'என்ன புதினம்?' என்று கேட்டுவிட்டு 'நல்லது' என்று பதில் எழுதினால் தமிழ்க் காது அதை ஏற்காது, 'என்ன நல்லது?' என்று அடுத்த கேள்வி வரும். வேடிக்கையாக, 'ஒண்டுமில்ல' என்ற பதிலின் தர்க்கம் 'சிஜம்போ'வின் தர்க்கம்: எனக்கு விடயம் ஒன்றும் இல்லை. ஆக, அவர்களுடைய ஒரு கேள்வி நம் கேள்வியோடும், அவர்களுடைய வேறொரு பதில் நம் பதிலோடும் குறுக்காகப் பொருந்துகின்றன. முகமனைப் பெயர்க்கும்போது கேள்வியைத் தனியாகவும் பதிலைத் தனியாகவும் பெயர்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. சோடியாகவே எடுத்துச் சோடியாகவே வைக்க வேணும்.

மலாய்ச் சகோதரர்கள் 'அபா கபர்?' என்று கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம். அதுவும் இதே அரபுச் சொல்தான், அதற்கும் 'கபர் பாயிக்' என்று நல்லதைச் சொல்லும் பதில் உண்டு. இந்து சமுத்திரத்தின் இரண்டு முனையிலும் ஒரே அரபுச் சொல் ஒரே வேலைக்குப் போயிருக்கிறது. நடுவில் இருந்த நாம் அந்தச் சொல்லை முகமனுக்கு எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டதும் நல்லதுதான். தமிழ் எழுத்தில் 'கபர்' என்று எழுதினால் நம் வாசகரில் பாதிப்பேருக்கு மையவாடிதான் ஞாபகம் வரும். சுவாஹிலிக்காரர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. செய்தி 'ஹபாரி', மண்ணறை 'கபுரி'.

ஹபாரி வரிசைக்கு நான் தெரிந்தெடுப்பது 'எப்புடி?' என்ற ஒற்றைச் சொல். 'பயணம் எப்புடி? வீடு எப்புடி? வேலை எப்புடி?' சுவாஹிலியில் 'ஹபாரி ஸா' என்பது அப்படியே நிற்க, பின்னால் வருகிற சொல் மட்டும் மாறிக்கொண்டு போகும்: காலை, வீடு, வேலை, பயணம், பிள்ளைகள். நமக்கு முன்சொல் மாற 'எப்புடி' அப்படியே நிற்கும். தலையும் வாலும் இங்கேயும் இடம் மாறிக்கொள்கின்றன. இந்த முறை இயைபு நம் பக்கம். 'ந்ஸுரி'க்கு 'நல்லம்.' இது இலங்கைத் தமிழ் மட்டும் தந்திருக்கிற ஒரு வரம் என்றே சொல்வேன். 'நன்றாக இருக்கிறது', 'நல்லது' இரண்டைவிடவும் இது சின்னது. யாருக்கு நல்லம், எது நல்லம் என்று கேட்க விடாத ஒரு முடிந்த சொல்.

இந்த வரிசையில் 'ஸலாமா'தான் நம்மைப் போன்றவர்களுக்கு வைத்த பொறி. 'பாதுகாப்பானவை' என்று கொப்பி எழுதியது. அதைப் பார்த்தவுடன் நம் கை 'சலாமத்' என்று எழுதத் துடிக்கும். அதேபோல 'ந்ஸுரி'க்கு 'அல்ஹம்துலில்லாஹ்' என்றும் 'ஷிகமோ'வுக்கு 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றும் போட்டுவிட்டால் எவ்வளவு அழகாக, எவ்வளவு நம்முடையதாக ஆகிவிடுகிறது! நம் பதிப்புகளில் வருகிற மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இந்த ஆசை வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்று நினைக்கிறேன். சுவாஹிலி கரையோர முஸ்லிம்களிடம் பிறந்து வளர்ந்த மொழி. அரபு எழுத்தில் எழுதப்பட்ட மொழி, நம் அரபுத்தமிழுக்கு ஒருவகையில் உறவு. ஆனால் இன்று அது உள்நாட்டுக் கிறிஸ்தவர்களின் மொழியும்தான். கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் தேவாலயத்துக்குப் போகிற ஒரு பாட்டியும் 'மரஹபா' என்கிறார், 'ஸலாமா' என்கிறார். அவருடைய வாயில் 'அல்ஹம்துலில்லாஹ்'வைப் போட்டால் பெயர்ப்பில் அவர் மதம் மாறிவிடுவார். அடுத்தது, அங்குள்ள முஸ்லிம்களிடம் 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற பதிலும் உண்டு, ஸலாமும் உண்டு, 'ந்ஸுரி'யும் உண்டு. ஒருவர் இரண்டில் ஒன்றைத் தெரிந்து சொல்கிறார். எல்லாவற்றையும் நாம் ஒன்றாக்கிவிட்டால், அவர் உண்மையில் 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்கிற இடத்துக்குத் தமிழில் நம்மிடம் என்ன மிஞ்சும்? அதனால் 'ஸலாமா'வுக்கு 'நல்ல சுகம்' என்று வைத்தேன். 'எப்படிச் சுகம்?' என்பதற்கு நம் ஊரில் எல்லாச் சமூகமும் சொல்கிற பதில் அது, 'வீடு எப்புடி?'க்கும் இடிக்காமல் உட்காருகிறது.

'ஷிகமோ' எல்லாவற்றிலும் கடினமானது. 'உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன்' என்று பொருள்படும் ஒரு வசனம் தேய்ந்து ஒரு சொல்லாகியதுதான் அது. இளையவர் மூத்தவருக்குச் சொல்வது. மூத்தவர் ஒருநாளும் இளையவருக்குத் திருப்பிச் சொல்வதில்லை. பதில் 'மரஹபா' மட்டும். பழைய அடிமை எஜமான் உறவின் எச்சம் என்று இதைச் சொல்வாரும் உண்டு. ஆனால் இன்று பாடசாலைப் பிள்ளை ஆசிரியரைப் பார்த்துச் சொல்லும்போது அதில் காலும் இல்லை, பிடிப்பும் இல்லை. இதை 'காலைப் பிடிக்கிறேன்' என்று பெயர்த்தால் தமிழில் காரியம் சாதிக்கக் கெஞ்சுகிறவன் வந்து நிற்பான். 'பாதம் பணிகிறேன்' என்றால் புராண நாடகம் தொடங்கிவிடும். நம் வாசகருக்கு அகீதா சார்ந்த கூச்சமும் சேரும். ஸலாம் என்று போட்டால், சிறியவரும் பெரியவரும் ஒரே சொல்லால் ஒருவருக்கொருவர் துஆச் செய்கிற ஸலாமின் சமத்துவம் வந்து, ஷிகமோவின் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். 'வணக்கம்' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே இந்தச் சோடியை நான் பெயர்க்கவில்லை, அப்படியே வைத்தேன். ஸன்ஸிபாரில் பிறந்த அப்துல்ரஸாக் குர்னா தம் ஆங்கில நாவல்களில் சுவாஹிலிச் சொற்களை விளக்கமில்லாமல் விட்டுச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் எல்லாவற்றையும் அப்படி விட்டுவிட்டால் பெயர்ப்பு என்று ஒன்று இல்லை. இங்கே விடலாம் என்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: பதில் நமக்குத் தெரிந்த சொல். 'மர்ஹபா' மௌலூது மஜ்லிஸ்களில் நம் காதில் விழுந்து பழகிய சொல். கேள்வி விளங்காவிட்டாலும் பதில் விளங்கும். பதில் விளங்கினால் கேள்வி ஒரு மரியாதைச் சொல் என்பது தானாகத் தெரியும். கூடவே 'உம்மும்மா', 'மகன்' என்ற இரண்டு சொற்கள் யார் பெரியவர் என்பதைக் காட்டிவிடுகின்றன. கீழே குறிப்பு வேண்டியதில்லை.

வாசலுக்கு வருவோம். 'ஹோதி'க்கு நம் 'வீட்டுக்காரர்!' நன்றாகப் பொருந்தும். ஆனால் நம் வீடுகளில் அதற்கு வருகிற பதில் 'ஆர் அது?' என்பது. சுவாஹிலியில் முறையான பதில் 'கரிபு', கிட்ட வாருங்கள் என்பது. ஆள் யார் என்று பார்க்க முன்னமே அது சொல்லப்படுவதும் உண்டு. அனுமதி கேட்காமல் பிறர் வீட்டுக்குள் போக வேண்டாம் என்ற சூரத்துந் நூரின் 27வது ஆயத்தையும், மூன்று தரம் கேட்டுப் பதிலில்லாவிட்டால் திரும்பிவிடு என்ற ஹதீஸையும் அறிந்தவர்களுக்கு 'ஹோதி'யின் ஒழுங்கு அந்நியமாக இராது. நான் 'வீட்டுக்காரர்! வரலாமா?' என்று கேள்வியைக் கொஞ்சம் நீட்டி, பதிலுக்கு 'வாங்க, வாங்க' என்று இரட்டித்தேன். 'வரலாமா'வும் 'வாங்க'வும் ஒரே வினையில் பிறந்தவை என்பதால் தட்டும் திருப்பித் தட்டும் கிடைக்கிறது. 'கரிபு' சாப்பாட்டை நீட்டும்போதும் வரும், நன்றி சொன்னதற்குப் பதிலாகவும் வரும். அங்கெல்லாம் 'வாங்க' உதவாது. அது வேறு இடத்துப் பிரச்சினை.

இப்போது காய்ச்சல் வரிக்கு வருகிறேன். 'வத்தோத்தோ ஹவஜம்போ?' பிள்ளைகள் சுகமா? 'ஹவஜம்போ, லகினி ம்தோகோ அனா ஹோமா.' சுகம், ஆனால் சின்னவளுக்குக் காய்ச்சல். சுகமில்லாதபோது ஏன் முதலில் சுகம் என்று சொல்ல வேணும்? கொப்பிக்காரர் இதை ஒரு முரண்பாடு என்று நினைத்து முதல் சொல்லை வெட்டிவிட்டு, 'சின்னவளுக்குக் காய்ச்சல்' என்று மட்டும் எழுதியிருந்தார். அங்கேதான் முகமன் உடைகிறது. சுவாஹிலியில் முதலில் நல்ல பதிலைக் கொடுத்து வாசலைத் திறந்து வைப்பார்கள். கெட்ட செய்தி அதற்குப் பின்னால், 'லகினி' என்ற அரபுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். முதல் பதில் வராவிட்டால் கேட்டவர் திடுக்கிட்டுப் போவார், ஏதோ பெரிய விபரீதம் என்று. நம் பேச்சிலும் இது உண்டு. 'சுகந்தான், சின்னவளுக்குத்தான் கொஞ்சம் காய்ச்சல்' என்று நாம் எத்தனை தரம் சொல்லியிருப்போம்! இந்த வசனத்தில் 'தான்' இரண்டு தரம் வருகிறது. முதலாவது 'தான்' கேட்டவரை அமைதிப்படுத்துகிறது. இரண்டாவது நோயை ஒரு ஆளோடு மட்டுப்படுத்துகிறது. 'ஆனால்' என்று எழுதத் தேவையே இல்லை. 'லகினி' செய்கிற வேலையை இந்த இரண்டு 'தான்'களும் பங்கு போட்டுக்கொண்டன. சின்னவள் என்று பெண்ணாக்கியது என் தெரிவு. சுவாஹிலியில் ஆண் பெண் வேறுபாடு அந்தச் சொல்லில் இல்லை, தமிழில் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேணும்.

கடைசிச் சோடிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'போலே' என்பதைக் கொப்பி 'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தது. இது ஆங்கிலம் வழியாக வந்த பிழை. ஆங்கிலத்தில் அனுதாபத்துக்கும் மன்னிப்புக்கும் ஒரே சொல். 'போலே' சொல்கிறவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்கிறார். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கண்டாலும் 'போலே ந காஸி' என்பார்கள், வேலைக்குப் 'போலே.' நாம் பயணம் வந்தவரைப் பார்த்து 'பாவம், களைச்சுப்போய் வந்திருக்கீங்க' என்கிறோமே, அதுதான். அதற்கு வருகிற பதில் 'நிமேஷபோஆ': நான் ஏற்கெனவே போஆ ஆகிவிட்டேன். 'போஆ' என்ற வினைக்கு அடிப்படைப் பொருள் சூடு தணிதல், குளிர்தல். தேநீரும் போஆ ஆகும், மனிதனும் ஆவான்.

தமிழில் இதற்கு ஒரு சொல்லைத் தேடத் தேவையில்லை. ஆறுதல். தேத்தண்ணி ஆறும், கோபம் ஆறும், மனம் ஆறும், புண் ஆறும். களைப்பாறுதல், இளைப்பாறுதல் என்று பயணக் களைப்புக்கே இதை வைத்துத்தான் சொல் செய்திருக்கிறோம். 'ஆறிட்டு, உம்மும்மா.' ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், வெயில் நாட்டில் வாழ்ந்து, சூடு தணிவதையும் துயர் தணிவதையும் ஒரே வினையில் வைத்திருக்கின்றன. இளைஞர்கள் இன்று 'மாம்போ?' என்று கேட்டு 'போஆ' என்று பதில் சொல்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். 'மாம்போ' என்பது 'ஜம்போ'வின் பன்மை. கொப்பியில் இதற்கு 'கூல்' என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தது. பொருள் சரி, வயதும் சரி. அதை மாற்றாமல் விடச் சொன்னேன். ஆனால் உம்மும்மாவிடம் 'மாம்போ' என்று கேட்கக்கூடாது என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன். வெறும் 'ஜம்போ'வையும் எடுத்துவிடச் சொன்னேன். அது உல்லாசப் பயணிகளுக்காகச் சொல்கிற சொல். வாயைத் திறந்தவுடன் வெளியாள் என்று காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் சேர்த்து இப்படி வருகிறது:

வீட்டுக்காரர்! வரலாமா?
வாங்க, வாங்க.
ஷிகமோ, உம்மும்மா.
மரஹபா, மகன். சுகமா?
சுகந்தான்.
பயணம் எப்புடி?
நல்லம்.
வீடு எப்புடி?
நல்ல சுகம்.
புள்ளைகள் சுகமா?
சுகந்தான், சின்னவளுக்குத்தான் கொஞ்சம் காய்ச்சல்.
அடடா, பாவம். நீங்களும் களைச்சுப்போய் வந்திருக்கீங்க.
ஆறிட்டு, உம்மும்மா.

இதில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. மூலத்தில் 'போலே' ஒரே சொல். பிள்ளையின் காய்ச்சலுக்கும் அதுவே, பயணத்துக்கும் அதுவே. தமிழில் அதை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை ஒரு முழு வசனமாக நீட்ட வேண்டியதாயிற்று. அந்த வசனத்தில் 'நீங்களும்' என்றும் வந்துவிட்டது; மகன் என்று கூப்பிட்ட உம்மும்மா 'நீங்க' என்பது நம் வீடுகளில் உண்டு என்றாலும், அதுவரை தப்பித்துவந்த மரியாதைக் கணக்கு அங்கே நுழைந்துவிடுகிறது. 'அஸந்தே', நன்றி, முற்றாக விழுந்துவிட்டது. நாம் இந்த இடத்தில் நன்றி சொல்வதில்லை, சொன்னால் மேடைப் பேச்சாகிவிடும். ஆகவே அதை விட்டதில் எனக்கு வருத்தமில்லை.

இரவில் பிரியும்போது சொல்கிற பழைய சோடி ஒன்றும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது: 'அலம்சிகி' என்று ஒருவர் சொல்ல மற்றவர் 'பினூரு' என்பார். முதலாவது, அல்லாஹ் உங்கள் மாலையை நன்மையோடு ஆக்குவானாக என்ற அரபு வசனம் தேய்ந்தது, இரண்டாவது, ஒளியோடு. அரபு நாட்டில் வேலை செய்தவர்கள் 'ஸபாஹுல் கைர்' என்பதற்கு 'ஸபாஹுந் நூர்' என்று பதில் வருவதைக் கேட்டிருப்பார்கள்; நன்மை என்று சொன்னால் ஒளி என்று திரும்பி வரும் அதே வழக்கம். இந்தச் சோடி கரையோர முஸ்லிம்களின் சொத்து என்பதால் இங்கே நம் சொற்களைத் தாராளமாக எடுக்கலாம் என்று பட்டது. 'ராவு கைராகட்டும்' என்றும் 'நூராகட்டும்' என்றும் எழுதிக் கொடுத்தேன். கொப்பிக்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதை நம்ம ஊட்டுலயும் சொல்லலாமே சேர்" என்றார்.